எந்தத் தோடி?

கிள்ளானிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி வந்தது. பேசியவர் எழுபது வயதைத் தாண்டியவர். பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர் என்பது பேச்சுப் போக்கில் தெரிந்தது. நான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தைப் பற்றி எழுதி, ஒரு சிற்றிதழில் வந்திருந்த கட்டுரையைப் படித்திருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஒன்னு மட்டும் கேக்கணும். எந்தத் தோடி?"

"ராஜரத்தினம் பிள்ளையோட தோடி, ஐயா."

"அவர் வாசிச்ச தோடி ஒன்னா ரெண்டா? தட்டுல வந்தது இருக்கு. ரேடியோவுக்கு வாசிச்சது இருக்கு. நீங்க எதைக் கேட்டீங்க?"

என்னிடம் பதில் இல்லை. செராஸில் என் வீட்டுச் சமையலறை மேசையில், காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு, இணையத்தில் யாரோ ஏற்றியிருந்த ஒலிக்கோப்பைக் கேட்டு எழுதிய கட்டுரை அது. கோப்பின் தலைப்பில் அவர் பெயரும் ராகத்தின் பெயரும் மட்டும் இருந்தன. அந்த இரண்டையும் அப்படியே கட்டுரைக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏறக்குறைய ஆறு நிமிட ஆலாபனை. அதன் நடுவில் ஒரு கார்வை முடிந்ததும் ஒரு மௌனம் வரும். பிறகு சற்றே வேறு தொனியில் வாத்தியம் மறுபடியும் தொடங்கும். அந்த மௌனத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். கட்டுரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான்.

"அந்த மௌனத்தைப் பத்தி எழுதியிருக்கீங்களே, அதை நேர்ல வந்து பாருங்க" என்றார். மௌனத்தைக் கேட்கச் சொல்லாமல் பார்க்கச் சொன்னது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் தாமான் கன்னாட்டில் எம்ஆர்டி ஏறி, மூசியம் நெகாராவில் இறங்கி, நடைபாதை வழியே கேஎல் சென்ட்ரலுக்குப் போய் கிள்ளான் கொமுட்டர் பிடித்தேன். அவர் வீட்டு முன்னறையில் தட்டுகள் படுக்கவைக்கப்படாமல், புத்தகங்களைப் போல நிற்க வைக்கப்பட்டிருந்தன. அரக்கால் செய்த தட்டுகளை அடுக்கிப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது பாரத்தில் வளைந்துவிடும் என்றார். பத்து அங்குலத் தட்டொன்றை விளிம்பில் மட்டும் பிடித்து உருவி எடுத்தார். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பாதியைப் பாச்சை தின்றிருந்தது. எஞ்சிய பாதியில் கலைஞரின் பெயரும் ராகத்தின் பெயரும் தெரிந்தன. கூடவே, இது முதல் பகுதி என்ற குறிப்பும் இருந்தது. தட்டைத் திருப்பினார். அந்தப் பக்கம் இரண்டாம் பகுதி.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் ஊசியை வைத்தார். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம் உண்டு. அந்த நேரம் முடியும் இடத்தில் வாசிப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும். ராகம் எங்கே நிற்க விரும்பியது என்பதற்கு அங்கே இடமில்லை. மெழுகில் பள்ளம் தீர்ந்துபோனது. கோப்பை ஏற்றியவர் இரண்டு பக்கங்களையும் ஒட்டி ஒன்றாக்கியிருக்கிறார். ஒட்டிய இடத்தில் சில விநாடி விட்டிருக்கிறார். நான் ஒரு பத்தி முழுக்க வியந்து எழுதிய மௌனம் தட்டைத் திருப்பிய இடம். தொனி மாறியதற்கும் காரணம் கண்ணெதிரே இருந்தது. தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் நீண்ட வட்டம். உள்ளே போகப்போக வட்டம் சிறுத்து, ஊசிக்கு அடியில் ஓடும் நீளம் குறையும். மேல் ஒலிகள் மங்கும். ஒரு பக்கத்தின் மங்கிய முடிவும் அடுத்த பக்கத்தின் தெளிவான தொடக்கமும் அடுத்தடுத்து வந்ததை, வாசித்தவரின் மனநிலை மாறியதாக நான் கேட்டிருக்கிறேன்.

அடிக்குறிப்பு எழுதுவதைப் படித்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்றோ, உரிமைக்காரருக்குச் சொல்லும் நன்றி என்றோதான் அதுவரை நினைத்திருந்தேன். நம் இதழ்களில் படத்துக்குக் கீழே 'நன்றி: இணையம்' என்று போடுகிற வழக்கமும் அந்த நினைப்பிலிருந்தே வருகிறது. 'தட்டு, முதல் பக்கம், இரண்டாம் பக்கம்' என்று நான் எழுத முயன்றிருந்தால் போதும், அந்தப் பத்தியை எழுதியிருக்கவே மாட்டேன். எதைக் கேட்டேன் என்று எழுத உட்காரும்போதுதான் எதைக் கேட்டேன் என்பதே தெரிய வருகிறது.

காகிதம் போன தட்டை எப்படி அடையாளம் சொல்வது என்று கேட்டேன். அவர் கைவிளக்கை எடுத்துத் தட்டின் மேல் சாய்வாகப் பிடித்தார். கடைசிப் பள்ளத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் சிறிய எழுத்துகளும் எண்களும் பதிந்திருந்தன. நேராகப் பார்த்தால் கண்ணுக்குப் படாது. சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்தால்தான் படிக்கலாம். காகிதத்தில் அச்சிட்ட எண் விற்பனைக்கானது, கடைக்காரர் பட்டியலில் தேடுவதற்கு. வளையத்தில் இருப்பது பதிவின் எண். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி. ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு முறை வாசித்துப் பதிந்திருந்தால், எந்த முறை வாசித்தது என்பதும் பல நிறுவனங்களின் தட்டுகளில் அந்த வளையத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதே பதிவைப் பின்னாளில் வேறு விற்பனை எண்ணில் மறுபடி வெளியிடுவார்கள், நீள் இசைத்தட்டில் சேர்ப்பார்கள், கேசட்டாகவும் குறுந்தகடாகவும் போடுவார்கள். விற்பனை எண் ஒவ்வொரு முறையும் மாறும். பதிவின் எண் மாறாது. இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் வளையத்தில் இருப்பதை எழுதுங்கள் என்றார்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் கடினமானது. "சுருதியைப் பத்தியும் எழுதியிருக்கீங்க. எதை வெச்சு?"

ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி எழுதுகிற யாரும் சுருதியைத் தொடாமல் போக முடியாது. உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனத்தின் இடத்தில், நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர் அவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகச் செய்துகொடுத்த வாத்தியத்தைப் பற்றி நாதஸ்வர உலகில் இன்றும் பேச்சு உண்டு. நான் என் கோப்பை ஒரு சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்து, இத்தனை கட்டை என்று எழுதி, அதிலிருந்து அவருடைய வாத்தியம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஒரு வாதத்தையும் கட்டியிருந்தேன்.

பெரியவர் தட்டு சுழலும் வேகத்தைக் கையால் மாற்றிக் காட்டினார். நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டை நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓட்டினால், சுருதி சரியாக அரைக் கட்டை ஏறிவிடுகிறது. காதுக்குப் பிசகு எதுவும் தெரியாது. ராகம் ராகமாகவே இருக்கும், கமகம் கமகமாகவே இருக்கும். எல்லாம் ஒருசேர ஏறிவிடுவதால் ஒன்றோடொன்று உள்ள உறவு கெடுவதில்லை. 1925க்குப் பின் மின்சாரப் பதிவு வந்து 78 என்ற அளவு பெரும்பாலும் நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய தட்டுகளில் 70களின் நடுவிலிருந்து 80ஐத் தாண்டியும்கூட வேகம் இருந்தது. ஆனால் பிற்காலத் தட்டு என்பதால் நிம்மதி அடைய முடியாது. இணையத்தில் இருப்பது பெரும்பாலும் தட்டிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து கணினிக்கும் போனது. கேசட்டு இயந்திரங்களில் ஒவ்வொன்றும் ஒரு வேகம். இரண்டு நகலிலும் சிறிது சிறிதாக ஏறினால் அரைக் கட்டை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொன்னார். ஒரே பக்கத்தின் இரண்டு நகல்கள் வேண்டும். இரண்டின் நீளத்தையும் விநாடிக் கணக்கில் அளக்க வேண்டும், முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை. 180 விநாடி ஓட வேண்டிய பக்கம் 170 விநாடியில் முடிந்து, சுருதியும் அரைக் கட்டை ஏறியிருந்தால் வேகம்தான் காரணம். நீளம் குறைந்து சுருதி மாறாமல் இருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். நீளம் மாறாமல் சுருதி மட்டும் மாறியிருந்தால் கணினியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இந்தச் சோதனை இரண்டு நகல்களில் எது வேகமாக ஓடுகிறது என்று காட்டும். எது உண்மை என்று காட்டாது. அதற்கு, வேகம் சரிபார்த்த இயந்திரத்தில் தட்டையே ஓட்ட வேண்டும். அப்போதும் பதிவுசெய்த நாளில் அந்த அறையில் இருந்த இயந்திரம் 78இல்தான் ஓடியது என்று நாம் நம்பியாக வேண்டும்.

திமிரிக்கும் பாரிக்கும் உள்ள தூரம் அரைக் கட்டைக்கு மேல். ஆகவே இந்தப் பிசகால் ஒன்று மற்றொன்றாகிவிடாது. ஆனால் இரண்டா இரண்டரையா என்ற என் வாதம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான் எழுதியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்தான்: 'நான் கேட்ட நகலில் இன்ன சுருதியாக ஒலிக்கிறது, நகலின் வேகம் சரிபார்க்கப்படவில்லை.' அந்த வாக்கியம் கட்டுரையின் அழகைக் குறைத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். இப்போது அதில்லாத சுருதிப் பேச்சைப் படித்தால் எனக்குக் கால் தரையில் பாவுவதில்லை.

கிள்ளானிலிருந்து திரும்பிய பிறகு என் பழைய கட்டுரைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஓவியங்களைப் பற்றி எழுதியவற்றிலும் இதே பிழை வேறு உருவில் இருந்தது. தேசியக் கலைக்கூடமான பாலாய் செனி நெகாராவின் சேகரிப்பில் பேட்ரிக் இங் கா ஓன் 1958இல் வரைந்த எண்ணெய் வண்ணப் பலகை ஒன்று இருக்கிறது. மலேசிய ஓவியத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் அதைக் கடந்து போவதில்லை. ஆங்கிலத் தலைப்பைப் பார்த்து 'மண், நீர், காற்று ஆகியவற்றின் ஆவி' என்று மொழிபெயர்த்துப் போட்டிருந்தேன். சொற்கள் சரி. ஆனால் அதன் மலாய்த் தலைப்பு 'செமாங்காட் தானா, ஆயேர் டான் உடாரா'. தானா என்றால் மண், ஆயேர் என்றால் நீர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மலாயில் தாயகம். நம் பிள்ளைகள் பள்ளியில் தினமும் வாயில் உருட்டுகிற சொல். மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு வரைந்த படத்தின் தலைப்பில் மண்ணும் நீரும் அடுத்தடுத்து நிற்பதை மலாய் படிக்கத் தெரிந்த கண் சும்மா விடாது. என் தமிழ்த் தலைப்பில் அந்தத் தாயகம் ஒரு காற்புள்ளிக்குள் மறைந்துவிட்டது.

அதனால் இப்போது முதலில் கலைக்கூடம் பயன்படுத்தும் தலைப்பை ஒலிபெயர்த்து எழுதுகிறேன். என் தமிழை அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன், இது என் மொழிபெயர்ப்பு என்று தெரியும்படி. பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 'இங்' என்று தமிழில் எழுதியதைப் படிக்கும் வாசகர் தேடுபொறியில் Ng Kah Onn என்று தட்ட வேண்டும் என்பதை எப்படி ஊகிப்பார்? உயிரெழுத்தே இல்லாத ஒரு குடும்பப்பெயரை நாம் 'இ' போட்டு எழுதுகிறோம். முழுத் தமிழில் எழுத வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு நிறையவே உண்டு. ஆனால் தேட வேண்டிய பெயரை ஒரே ஒருமுறை ரோமன் எழுத்தில் தந்துவிடுவது வாசகரின் கையில் சாவியைக் கொடுப்பது போல.

இடத்தையும் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. தேசியக் கலைக்கூடம் 1958இல் அம்பாங் சாலையில் துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் தொடங்கியது. 1984இல் பழைய மெஜஸ்டிக் ஹோட்டலுக்குப் போனது. 1998 முதல் துன் ரசாக் சாலையில் இருக்கிறது. எண்பதுகளில் எழுதிய கட்டுரை 'மெஜஸ்டிக்கில் உள்ள ஓவியம்' என்று சொல்லியிருந்தால் இன்று அங்கே போகிறவருக்கு ஹோட்டல்தான் கிடைக்கும். கட்டடத்தை எழுதக் கூடாது. எந்த நிறுவனத்தின் சேகரிப்பு, அங்கே அதற்கு என்ன எண் என்பதை எழுத வேண்டும். கூடவே, நான் நேரில் நின்று பார்த்தேனா, புத்தகத்தில் பார்த்தேனா என்பதையும். நாலரை அடி உயரப் பலகை, புத்தகப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதன் கூட்டமான உருவங்களுக்கு நடுவே கண் எப்படி அலைகிறது என்று எழுதுகிறவர் எந்த அளவில் அலைந்தார் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

எண் என்றால் அலுவலக விவகாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்வது திருமங்கையாழ்வாரின் கதை. ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் வாளும் கேடயமும் ஏந்திய ஆழ்வாரின் வெண்கலப் படிமம் ஒன்று, பதினாறாம் நூற்றாண்டினது, EA1967.42 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணையே படிக்கலாம். முன்னெழுத்துகள் கீழைக்கலைப் பிரிவைக் குறிக்கின்றன. 1967 அது அருங்காட்சியகத்துக்குள் வந்த ஆண்டு. 42 அந்த ஆண்டின் வரிசை. லண்டனில் சோதபீஸ் ஏலத்தில் வாங்கியது. ஆழ்வார் எந்தக் கோயிலில் இருந்தார் என்பதை அந்த எண் சொல்லாது. எந்த ஆண்டுக்கு முன்னால் தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் ஐம்பதுகளிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் சிற்பங்களையும் படிமங்களையும் படமெடுத்துச் சேர்த்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஊர், கோயில், எடுத்த காலம் ஆகியவை குறிக்கப்பட்டன. கும்பகோணத்தை அடுத்த சுந்தரபெருமாள்கோவிலில், சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957இல் எடுத்த படத்தில் ஓர் ஆழ்வார் நிற்கிறார். 2019இல் ஓர் ஆய்வாளர் அந்தப் படத்தையும் ஆஷ்மோலியனின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தார். 1957இல் கோயிலில், 1967இல் ஏலத்தில். நடுவே பத்து ஆண்டுகள். கோயிலில் இருந்த படிமம் போலி என்றும் அசல் களவு போய்விட்டது என்றும் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு சொன்னது. ஆழ்வாரைத் திருப்பித் தருவதற்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மன்றம் 2024 மார்ச்சில் ஆதரவு தெரிவித்தது.

ஐம்பதுகளில் யாரோ ஒருவர் வெயிலில் நின்று படமெடுத்துவிட்டு, ஊர்ப்பெயரையும் கோயில் பெயரையும் சோம்பாமல் எழுதி வைத்தார். அவர் 'வைணவப் படிமம், தஞ்சைப் பகுதி' என்று எழுதியிருந்தால் படம் இருந்தும் பயன் இருந்திருக்காது. இந்தப் படிமத்தைப் பற்றி இன்று நான் எழுதினால் இப்படிக் குறிப்பேன்: 'திருமங்கையாழ்வார், வெண்கலம், 16ஆம் நூற்றாண்டு, ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் இட்ட எண் EA1967.42, 1967இல் ஏலத்தில் வாங்கியது. 1957இல் சுந்தரபெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் உள்ளது. நான் பார்த்தது அருங்காட்சியகத் தளத்தின் படத்தை மட்டும்.' நீளம்தான். ஆனால் 'ஆக்ஸ்போர்டின் சோழநாட்டு வெண்கலம்' என்று ஒரு வரியில் முடித்தால், அந்தப் பத்து ஆண்டுகளையும் நான் மூடிவிடுகிறேன். 'இட்ட எண்' என்று எழுதுவதிலும் காரணம் உண்டு. படிமம் ஊர் திரும்பினாலும் அந்த எண்ணைக் கொண்டுதான் ஐம்பது ஆண்டுக் கட்டுரைகளும் நூல்களும் அதைச் சுட்டும். இருக்கும் இடம் மாறும். இட்ட எண் வரலாற்றில் தங்கிவிடும்.

கிள்ளானுக்கு இரண்டாம் முறை போனபோது குறிப்பேட்டையும் விநாடி காட்டும் கடிகாரத்தையும் எடுத்துப் போனேன். வளையத்தில் இருந்த எண்களை அவர் விளக்கைச் சாய்த்துப் பிடிக்க நான் எழுதிக்கொண்டேன். ஓர் எழுத்து மட்டும் பி என்றும் எட்டு என்றும் இரண்டு விதமாகப் பட்டது. "ரெண்டையும் எழுதுங்க தம்பி, நடுவுல கேள்விக்குறி போடுங்க. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டா அப்புறம் வர்றவன் சந்தேகப்படவே மாட்டான்" என்றார். அப்படியே எழுதினேன்.

பிறகு தட்டை வைத்தார். முதல் பக்கம் முடிந்து, ஊசி உள்வளையத்தில் உரசத் தொடங்கியது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கையைத் தூக்கி, தட்டின் விளிம்பைப் பிடித்துத் திருப்பி, ஊசியை மாற்றிக் கீழே இறக்கும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 48 விநாடி. இணையக் கோப்பில் அது நான்கு விநாடியாக இருந்தது. இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, எது யாருடைய இடைவெளி என்று குறித்துக்கொண்டேன். நாயனம் மறுபடியும் தொடங்கியது.